குளச்சல் அலைமானி: ஃபில்டர் வெடிக்கிறது, அலை சாய்கிறது. எஃப்ஐஆரா, ஐஐஆரா?

அபிஷா_குளச்சல்

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட். குளச்சல் பக்கத்தில் ஒரு படகுத்துறைத் தூணில், தண்ணீருக்குள் சுமார் 3 மீட்டர் ஆழத்தில் ஒரு பிரஷர் சென்சார் கட்டியிருக்கிறோம். வினாடிக்கு 4 ரீடிங். அதை நீர்மட்டமாக மாற்றி மெமரி கார்டில் எழுதுகிறது.

எனக்கு வேண்டியது தூரத்திலிருந்து வரும் நீண்ட அலை மட்டும், அதாவது 12 முதல் 20 வினாடிக்கு ஒருமுறை வருவது. உள்ளூர்க் காற்று கிளப்பும் 3, 4 வினாடிச் சில்லறை அலையை லோபாஸ் வைத்து எடுக்கணும். ஓதம் ஏறி இறங்குவதை ஹைபாஸ் வைத்து எடுக்கணும்.

முதலில் லோபாஸ். கட்ஆஃப் 0.2 ஹெர்ட்ஸ், `butter(2, 0.1)` கொடுத்த கெழுக்கள். போர்டில் எழுதியது இது:

```c
// b0=0.02008 b1=0.04017 b2=0.02008
// a1=-1.56102 a2=0.64135
y = b0*x + b1*x1 + b2*x2 + a1*y1 + a2*y2;
```

சென்சாரைக் கழற்றிவிட்டு x எப்போதும் 1.0 என்று கொடுத்துப் பார்த்தேன். வந்தது:

```
0.020 0.029 0.048 0.024 0.074 -0.020 0.159 -0.181
0.465 -0.761 1.567 -2.853 5.539 -10.396 19.86 -37.6
```

அரை நிமிஷம் தாண்டினதும் `inf`, `-inf` என்று மாறி மாறி வருகிறது. ஐஐஆர் ஸ்டேபிள் இல்லை என்று வகுப்பில் சொன்னது இதுதானா? எஃப்ஐஆருக்கு மாறிவிடலாமா?

பேச்சிப்பாறை_வினோ

மாறிவிடு. எஃப்ஐஆர் எப்போதும் ஸ்டேபிள், எப்போதும் லீனியர் ஃபேஸ். எஃப்ஐஆரில் வந்த ரீடிங்குகளை மட்டும் கெழுக்களால் பெருக்கிக் கூட்டுகிறோம். ஐஐஆரில் பழைய அவுட்புட்டையே திரும்ப உள்ளே விடுகிறோம், அது எப்ப வேணும்னாலும் கையை விட்டுப் போகும். நான் எந்த ப்ராஜெக்ட்டிலும் ஐஐஆரைத் தொடுவதில்லை. 20 சாம்பிள் சராசரி எடுத்தால் உன் வேலை முடிந்தது.

ஜெபா_ஒலிபெருக்கி

நம்ம சப்ஜெக்ட் மாதிரி இருக்கேன்னு வந்தேன். கோயில் கொடை, பள்ளித் திருவிழா எல்லாத்துக்கும் சவுண்ட் போடுறேன். போன மாசம் புது ப்ராசஸர் வாங்கினேன். அதில் சப்-ஊஃபர் பிரிக்கிற இடத்தில் எஃப்ஐஆர் போட்டால் சத்தம் சுத்தமா இருக்கு, ஆனா பாடுறவங்க "நான் பாடி முடிச்ச பிறகு மானிட்டர்ல கேக்குது"ன்னு சண்டைக்கு வாராங்க. ஐஐஆர் போட்டால் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. இதுக்கு என்ன வழி? இன்புட் கேபிள் பிரச்சனையா இருக்குமா?

தாணு_நாஞ்சில்

அபிஷா, நீ பதிவிட்ட எண்களை வைத்தே விஷயத்தைச் சொல்லிவிடலாம். பக்கத்துப் பக்கத்து எண்களை வகுத்துப் பார். 19.86-ஐ 10.396-ஆல் வகுத்தால் 1.91. 37.6-ஐ 19.86-ஆல் வகுத்தால் 1.89. ஒவ்வொரு சாம்பிளுக்கும் சுமார் 1.9 மடங்கு, கூடவே குறியும் மாறுகிறது. இந்த எண் எங்கிருந்து வருகிறது?

x-ஐ மறந்துவிடு. உன் வரியில் மிச்சம் இருப்பது `y[n] = -1.561 y[n-1] + 0.641 y[n-2]`. இதற்கு `y[n] = r^n` என்று ஒரு விடை இருந்தால், r என்னவாக இருக்கணும்? போட்டுப் பார்த்தால் `r² = -1.561 r + 0.641`. பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடுதான். மூலங்கள் 0.338, −1.899. முதலாவது தானாகச் செத்துப்போகும். இரண்டாவது ஒவ்வொரு சாம்பிளுக்கும் 1.899 மடங்காகிக் குறியைப் புரட்டும். உன் திரையில் பார்த்தது அதைத்தான். பாடத்தில் pole என்று படித்தீர்களே, அது இந்த மூலம். யூனிட் வட்டத்துக்குள் இருக்கணும் என்பதன் அர்த்தம், அதன் அளவு 1-ஐவிடக் குறைவாக இருக்கணும் என்பதுதான்.

ஆனால் பட்டர்வொர்த் வடிவமைப்பு இப்படி ஒரு மூலத்தைக் கொடுக்காது. `butter` தரும் a வரிசை `y[n] + a1 y[n-1] + a2 y[n-2] = ...` என்று இடப்பக்கத்துக்காக எழுதப்பட்டது. வலப்பக்கம் கொண்டுபோனால் குறி மாறணும்:

```c
y = b0*x + b1*x1 + b2*x2 - a1*y1 - a2*y2;
```

இப்போது `r² = 1.561 r - 0.641`. மூலங்கள் கலப்பெண்கள், அளவு 0.641-இன் வர்க்கமூலம், அதாவது 0.80. 10 சாம்பிளில், அதாவது இரண்டரை வினாடியில், பழைய நினைவில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதைவிட அடங்கின ஃபில்டர் வேண்டுமா?

நீ ப்ளஸ் போட்ட வடிவம் எங்கே பார்த்தது என்றும் ஊகிக்க முடிகிறது. ஆர்ம் சிப்புகளுக்கான CMSIS-DSP நூலகம் ப்ளஸ் போட்டுத்தான் எழுதும். அங்கே கெழுக்களையே குறி மாற்றிக் கொடுக்கணும். ஒன்றின் வரியையும் மற்றொன்றின் எண்களையும் சேர்த்தால் இதுதான் நடக்கும்.

ஜெபா அண்ணே, உங்கள் கேபிளில் ஒரு குற்றமும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அபிஷா_குளச்சல்

மைனஸ் போட்டேன். 1.0-க்கு வந்து அசையாமல் நிற்கிறது. நன்றி அண்ணா.

ஆரல்வாய்மொழி_காத்தாடி

அது சரியானதும் நின்றுவிடாதே தங்கச்சி. நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் கியர்பாக்ஸ் அதிர்வு பார்க்கிறவன். `inf` போனாலும், எண்ணே இல்லாத `nan` வேறு வழியாக வரும். கனெக்டரில் உப்பு ஏறி ஒரே ஒரு ரீடிங் `nan` ஆக வந்தால் போதும். ஐஐஆரில் அது y1-க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த y-யும் `nan`, அதற்கடுத்ததும் `nan`, போர்டை ரீசெட் செய்யும்வரை. மூலம் 0.8 என்பதெல்லாம் அப்போது உதவாது, `nan`-ஐ 0.8-ஆல் பெருக்கினாலும் `nan`-தான். எங்கள் ஆள் ஒருத்தர் ராத்திரி 2 மணிக்குப் போன சென்சார் காலையில் சரியான பிறகும் திரையில் ஒன்றுமில்லாமல் தேடிக்கொண்டிருந்தார்.

எஃப்ஐஆரில் 20 கெழு என்றால் 20 சாம்பிள் கழித்து அந்தக் குப்பை தானாக வெளியேறிவிடும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு `isnan` சோதனை கட்டாயம் வை. ரீடிங் 0-க்குக் கீழேயோ 8 மீட்டருக்கு மேலேயோ போனாலும் பழைய மதிப்பையே கொடு.

பேச்சிப்பாறை_வினோ

பார்த்தீங்களா, அதுக்குத்தான் எஃப்ஐஆர் என்றேன். என் 20 சாம்பிள் சராசரியில் இந்தத் தொல்லையே கிடையாது.

தாணு_நாஞ்சில்

வினோ, நீங்கள் அந்தச் சராசரியை எப்படி எழுதுவீர்கள்? ஒவ்வொரு முறையும் 20 எண்ணையும் கூட்டுவீர்களா?

பேச்சிப்பாறை_வினோ

எதுக்கு? புதுசைக் கூட்டி, 20 சாம்பிளுக்கு முந்தினதைக் கழித்தால் போச்சு. `sum += x - old; y = sum/20;` எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.

தாணு_நாஞ்சில்

அப்படியானால் உங்களுடையதும் பழைய கூட்டுத்தொகையைத் திரும்பப் பயன்படுத்துகிறது. கணக்குப்படி அது எஃப்ஐஆர்தான், ஒரு துடிப்பு கொடுத்தால் 20 சாம்பிளில் முடிந்துவிடும். எழுதின விதத்தில் மட்டும் மூலம் சரியாக 1-இல் இருக்கிறது. கூட்டினதையும் கழித்ததையும் கணினி பிசகாமல் செய்தால் ஒன்று மற்றதை அடித்துவிடும். முழு எண்களில் செய்தால் பிசகாது. `float`-இல் ஒவ்வொரு முறையும் கடைசி இலக்கம் உருளும், அந்தத் தூசி `sum`-இல் சேர்ந்துகொண்டே இருக்கும், போகாது. காத்தாடி சொன்ன `nan` வந்தால் அதுவும் போகாது. `nan`-இலிருந்து `nan`-ஐக் கழித்தால் பூஜ்யம் வராது.

லீனியர் ஃபேஸும் எஃப்ஐஆர் என்பதால் மட்டும் தானாக வராது. கெழுக்கள் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் வரும். முதல் கெழுவும் கடைசியும் சமம், இரண்டாவதும் கடைசிக்கு முந்தினதும் சமம், இப்படி. சராசரியில் எல்லாக் கெழுவும் ஒன்றே என்பதால் அது அமைந்துவிடுகிறது. கெழுக்களை ஒரு பக்கம் சாய்த்துப் போட்டால் எஃப்ஐஆரும் ஃபேஸைக் குழப்பும்.

பேச்சிப்பாறை_வினோ

`float`-இல் தூசி சேரும் என்பது சரி. ஆனா நடைமுறையில் ஒரு நாளைக்கு ஓடுகிற ப்ராஜெக்ட்டுக்கு அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. சமச்சீர் இல்லாத எஃப்ஐஆரை யாரும் போடுறதும் இல்ல.

அபிஷா_குளச்சல்

அடுத்த பிரச்சனை. ஓதத்தை எடுக்க ஹைபாஸ் வைத்தேன், கட்ஆஃப் 0.04 ஹெர்ட்ஸ், அதாவது 25 வினாடி. குறியெல்லாம் சரி, ஸ்டேபிளாக ஓடுகிறது. ஆனால் அலையின் உருவம் மாறிவிட்டது. ஃபில்டருக்கு முன்னால் முகடு கூர்மையாக, பள்ளம் அகலமாக, இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் இருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால் மெதுவாக ஏறி, படாரென்று இறங்குகிறது. ரம்பப் பல் மாதிரி. எது உண்மை?

மணக்குடி_சூசை

கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, கடல் தெரியும். கரைக்கு வார அலை முன்பக்கம்தான் செங்குத்தா நிக்கும், முதுகு சரிவா இருக்கும். ஒரு இடத்துல நின்னு பாத்தா தண்ணி சட்டுன்னு ஏறும், மெதுவா இறங்கும். நீ சொல்லுதது தலைகீழா இருக்கு மோளே. அப்படி ஒரு அலைய நான் கண்டதில்ல.

தாணு_நாஞ்சில்

சூசை அண்ணாச்சி சொன்னதுதான் சரி. அந்த ரம்பப் பல் கடலில் இல்லை, ஃபில்டரில் இருக்கிறது. இந்த ஒன்றைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் புத்தகத்தில் ஃபேஸ் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

கூர்மையான முகடும் அகலமான பள்ளமும் எப்படி வருகின்றன? 16 வினாடி அலையோடு அதன் இரட்டை வேக அலை, 8 வினாடியில் வருவது, சின்னதாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டின் முகடும் ஒரே நேரத்தில் வந்தால் உச்சி கூராகும். பள்ளத்தில் பெரியதின் அடியும் சின்னதின் முகடும் சந்திப்பதால் அது தட்டையாகும். ஆக, உருவம் என்பது இந்த இரண்டும் எந்த நேரத்தில் சந்திக்கின்றன என்பதில் இருக்கிறது. ஃபில்டர் இரண்டையும் ஒரே அளவு தாமதப்படுத்தினால் உருவம் அப்படியே இருக்கும், மொத்தமாகத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். லீனியர் ஃபேஸ் என்று சொல்வது இதற்குத்தான்.

இப்போது உன் ஹைபாஸ். இரண்டாம் படி பட்டர்வொர்த், கட்ஆஃப் 0.04. 16 வினாடி அலைக்கு அது கொடுக்கும் ஃபேஸ் 57 டிகிரி முன்னால். நேரத்தில் 2.5 வினாடி. 8 வினாடி அலைக்கு 27 டிகிரி முன்னால், நேரத்தில் 0.6 வினாடி. பெரியது 2.5 வினாடி முன்னே போக, சின்னது 0.6 மட்டும் போனால், இடையில் 1.9 வினாடி பிரிகிறது. 8 வினாடி அலைக்கு 1.9 என்பது கிட்டத்தட்ட கால் சுற்று. முகட்டில் சந்தித்தவை இப்போது ஒன்றின் முகடும் மற்றொன்றின் நடுச்சரிவுமாகச் சந்திக்கின்றன. அதுதான் ரம்பப் பல்.

பைதானில் நீயே பார்த்துக்கொள்ளலாம். கடலை நம்பாமல், நீயே செய்த அலையைக் கொடு:

```python
import numpy as np
from scipy.signal import butter, lfilter, filtfilt
t = np.arange(0, 1200, 0.25)
x = np.cos(2*np.pi*t/16) + 0.2*np.cos(2*np.pi*t/8)
b, a = butter(2, 0.02, 'highpass')
y1 = lfilter(b, a, x)
y2 = filtfilt(b, a, x)
```

x-இல் ஏற 8 வினாடி, இறங்க 8 வினாடி. y1-இல் ஏற 9.7, இறங்க 6.3 வரும். முதல் சில நிமிஷத்தை விட்டுவிட்டு நடுவில் அள.

லோபாஸைச் சந்தேகப்படாதே. அதையும் போட்டுப் பார்த்தேன். 16 வினாடி அலையை 1.15 வினாடி தாமதப்படுத்துகிறது, 8 வினாடி அலையை 1.22. வித்தியாசம் 0.07 வினாடி, கண்ணுக்குத் தெரியாது. ஐஐஆர் என்றாலே உருவம் கெடும் என்று இல்லை. உனக்கு வேண்டிய அலைவரிசை கட்ஆஃபுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

மணக்குடி_சூசை

ஒரு சந்தேகம். அலை 2.5 வினாடி முன்னால தெரியும்னு சொல்லுதீயளே, வராத அலைய அந்தப் பெட்டி எப்படிப் பாக்கும்? அப்படின்னா காத்து இல்லாமலே திடீர்னு பொங்குத கள்ளக்கடல் வாரதுக்கு முன்ன சொல்லீரலாமே?

தாணு_நாஞ்சில்

நல்ல கேள்வி அண்ணாச்சி. பார்க்காது. ஒரே மாதிரி அலை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்போது மட்டும்தான் இந்த முன்னே, பின்னே கணக்கு. பழகின தாளத்தை வைத்து அடுத்த அடியை முன்கூட்டித் தட்டுவது போல. அமைதியாக இருக்கும் தண்ணீரில் முதல் அலை வந்தால், அது வரும்வரை ஃபில்டரிலும் ஒன்றுமே வராது. கள்ளக்கடலுக்கு நம் துறையில் கட்டின சென்சார் முன்னறிவிப்பு தராது. அது தெற்கே தூரத்து இந்தியப் பெருங்கடலில் கிளம்பி வருவது. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இன்காய்ஸ் தரும் எச்சரிக்கைதான் வழி.

அபிஷா_குளச்சல்

அப்போ சமச்சீர் எஃப்ஐஆர் ஹைபாஸ் போட்டால் சரியாகிவிடும்தானே? வினோ அண்ணா சொன்னது கடைசியில் சரிதான் போல.

தாணு_நாஞ்சில்

உருவம் சரியாகும். விலையையும் பார். 0.02-இல் அடைத்து 0.05-இல் முழுசாகத் திறக்கணும் என்றால், ஹாமிங் விண்டோவில் சுமார் 441 கெழு வேண்டும். உன் போர்டுக்கு அது பெரிய வேலை இல்லை, வினாடிக்கு 4 முறைதானே. ஆனால் தாமதம் பாதி நீளம், 220 சாம்பிள், 55 வினாடி. கார்டில் எழுதி அப்புறம் பார்ப்பதாக இருந்தால் அந்த 55 வினாடியைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. உடனுக்குடன் திரையில் காட்ட நினைத்தால் மூன்று அலை கழிந்த பிறகுதான் முதல் அலை தெரியும்.

ஜெபா அண்ணே, உங்கள் மானிட்டர் கதையும் இதுதான். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கூர்மையாகப் பிரிக்க எஃப்ஐஆருக்கு ஆயிரக்கணக்கில் கெழு வேண்டும். 48,000 சாம்பிளில் 4,800 கெழு போட்டால் தாமதம் 50 மில்லிவினாடி. பாடுகிறவர் காதுக்கு அது எரிச்சல்தான். கூட்டத்தைப் பார்க்கும் பெட்டிகளுக்கு எஃப்ஐஆர் வையுங்கள், மேடை மானிட்டருக்கு ஐஐஆர் வையுங்கள்.

அபிஷா, உனக்கு இதைவிட எளிய வழி உண்டு. ஓதம் 12 மணி நேரத்துக்கு மேல் எடுப்பது. அதை அடைக்க 25 வினாடியில் எதற்குக் கத்தி வைக்கிறாய்? கட்ஆஃபை 0.005-க்கு, 200 வினாடிக்கு, இறக்கு. 16 வினாடி அலை 0.29 வினாடி முன்னே போகும், 8 வினாடி அலை 0.07. பிரிவு 0.2 வினாடி. அதே இரண்டாம் படி ஐஐஆர்தான். அலை உயரமும் தப்பிக்கும். 0.04-இல் இருந்தபோது 16 வினாடி அலையில் 7 சதவீதத்தை அது தின்றுகொண்டிருந்தது.

கார்டில் இருக்கும் தரவுக்கு `filtfilt` போடு. முன்னிருந்து ஒருமுறை, பின்னிருந்து ஒருமுறை ஓட்டும், ஃபேஸ் அடிபட்டுப்போகும். ஆனால் உயரக் குறைவு இரண்டு முறை விழும், 0.04-இல் 7 சதவீதம் 14 ஆகும். கட்ஆஃபை இறக்கின பிறகு அந்தக் கவலையும் இல்லை.

அபிஷா_குளச்சல்

0.005 போட்டேன். கல்லூரி கணினியில் ஆக்டேவ்தான் இருந்தது, அதில் `butter(2, 0.0025, 'high')`. கெழுக்களைப் பார்த்து போர்டில் ஏற்றினேன்.

```
b =  0.9945  -1.9889   0.9945
a =  1.0000  -1.9889   0.9890
```

வெடிக்கவில்லை. ஆனால் ஹைபாஸ் வேலையே செய்யவில்லை. முதலில் கொஞ்சம் ஆடிவிட்டு, 3 மீட்டரில் போய் நிற்கிறது. பூஜ்யத்துக்கு வரணும் இல்லையா?

தாணு_நாஞ்சில்

பேப்பரில் கூட்டிப் பார். b-இன் கூட்டுத்தொகை 0.9945 − 1.9889 + 0.9945 = 0.0001. a-இன் கூட்டுத்தொகை 1 − 1.9889 + 0.9890 = 0.0001. அசையாத நீர்மட்டத்துக்கு ஃபில்டரின் பெருக்கம் முதலாவதை இரண்டாவதால் வகுத்தது. விடை 1. உன் ஹைபாஸ் ஓதத்தை முழுசாக உள்ளே விடுகிறது.

உண்மையில் b-இன் கூட்டுத்தொகை பூஜ்யம், a-இன் கூட்டுத்தொகை 0.0000613. ஆக்டேவ் திரையில் சுருக்கிக் காட்டின நான்கு தசம இலக்கத்தை நீ எடுத்துக்கொண்டாய். `format long` கொடுத்துவிட்டுப் பார்:

```
a1 = -1.98889291   a2 = 0.98895425   g = 0.99446179
```

கட்ஆஃப் இறங்க இறங்க மூலங்கள் 1-ஐ நெருங்கும், இங்கே அளவு 0.9945. அந்த நெருக்கத்தில் நான்காவது இலக்கம்கூட விஷயத்தை மாற்றும். மூன்று இலக்கத்தில் நிறுத்தியிருந்தால் 1 − 1.989 + 0.989 சரியாகப் பூஜ்யம், மூலம் 1-இலேயே உட்கார்ந்திருக்கும். b-இன் கூட்டுத்தொகை −0.001 ஆகியிருக்கும். உன் 3 மீட்டர் தண்ணீருக்கு அவுட்புட் நேர்கோட்டில், வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் கீழே போய்க்கொண்டே இருக்கும். திரையில் குறி மாறி மாறி வீங்கினால் மூலம் எதிர்ப்பக்கத்தில் வெளியே. நேர்கோட்டில் நகர்ந்தால் மூலம் 1-இல். பார்த்ததும் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

b-க்கு இன்னொரு யோசனை. தனித்தனிக் கெழுவாக எழுதாமல் இப்படி எழுது:

```c
y = g*(x - 2*x1 + x2) - a1*y1 - a2*y2;
```

இப்போது g-ஐ எப்படி உருட்டினாலும் அசையாத x-க்கு அடைப்புக்குள் பூஜ்யம்தான். இன்னொன்று: நினைவு நீளமானதால் தொடக்க ஆட்டம் அடங்க நான்கு நிமிஷமாவது ஆகும். அந்தப் பகுதியை வெட்டிவிடு. நான்காம் படி, ஆறாம் படி என்று யாராவது ஆசை காட்டினால் ஒரே நீள வரியாக எழுதாதே. இரண்டாம் படித் துண்டுகளாகப் பிரித்து ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டு.

பேச்சிப்பாறை_வினோ

இத்தனை பாடுபடுவதற்கு 20 நிமிஷத் தரவை எடுத்து, அதில் ஒரு நேர்கோட்டைப் பொருத்திக் கழித்துவிடலாமே. ஃபில்டரே வேண்டாம். ஓதம் 20 நிமிஷத்தில் நேர்கோடுதானே.

தாணு_நாஞ்சில்

ரிப்போர்ட்டுக்கு அதுதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். உடனுக்குடன் காட்டுவதற்கு ஒத்துவராது.

ஆரல்வாய்மொழி_காத்தாடி

எங்கள் வேலையில் ஃபேஸை யாரும் சீண்டுவதே இல்லை. கியர் பல் உடைந்திருக்கிறதா என்று எந்த அலைவரிசையில் எவ்வளவு உயரம் என்றுதான் பார்ப்போம். அதற்கு ஐஐஆர் போதும். ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். இரண்டு பேரிங்கில் இரண்டு சென்சார், ஒன்றுக்கு ஒரு கட்ஆஃப், மற்றதுக்கு வேறு கட்ஆஃப். எது முதலில் அடி வாங்கினது என்று ஒப்பிட்டால் பதில் தப்பாக வந்தது. இரண்டுக்கும் ஒரே ஃபில்டர் போட்டதும் தாமதம் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. அபிஷா, பிற்பாடு இரண்டாவது சென்சார் கட்டினால் இதை நினைவில் வை.

அபிஷா_குளச்சல்

முழு இலக்கத்தோடு ஓட்டினேன், பூஜ்யத்தைச் சுற்றித்தான் ஆடுகிறது. கார்டில் இருந்த ஒரு மணி நேரத் தரவுக்கு `filtfilt` போட்டு, பெரிய அலைகளை மட்டும் எடுத்து அளந்தேன். சராசரியாக ஏற 7.4 வினாடி, இறங்க 8.5 வினாடி. சூசை மாமா சொன்ன பக்கம்தான் சாய்கிறது. இது கடலின் சாய்வு என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா?

தாணு_நாஞ்சில்

அவசரப்படாதே. `filtfilt` உருவத்தைச் சாய்க்காது, அந்த வகையில் ஃபில்டர்மேல் பழி இல்லை. ஆனால் படகுத்துறைச் சுவரில் மோதித் திரும்பும் அலையும் உன் சென்சாரில் விழும். அதுவும் உருவத்தை மாற்றும். ஒரு மணி நேரத் தரவு போதாது, வேறு வேறு ஓத நிலையில் எடுத்துப் பார். `filtfilt` இல்லாமல் நேர்கோடு கழிக்கிற வினோ வழியிலும் ஒருமுறை அள. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கணும்.

மணக்குடி_சூசை

வெளிய திறந்த கரையில கட்டிப் பாருங்க. சுவருக்கு உள்ள அளந்துட்டு கடல்னு சொன்னா எப்படி?

அபிஷா_குளச்சல்

திறந்த கரையில் கட்டினால் சென்சார் மறுநாள் இருக்குமா மாமா, அதுதான் பயம். நேர்கோட்டு வழியில் அளந்துவிட்டேன்: ஏற 7.5, இறங்க 8.4. கூடுதல் தரவு எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.

ஜெபா_ஒலிபெருக்கி

தாணு அண்ணே, நீங்க சொன்னபடி மானிட்டருக்கு ஐஐஆர், வெளிப்பெட்டிக்கு எஃப்ஐஆர் போட்டேன். பாடுறவங்க சந்தோஷம். இப்போ மேடைக்கு முன்வரிசையில இருக்கிறவங்க ரெண்டு சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க. மானிட்டர் முன்னாடி, பெட்டி பின்னாடி. இதுக்கு?